பிஇ குறைந்தால் பங்கு மலிவா? இபிஎஸ்ஸிலிருந்து தொடங்கிப் படிக்கும் முறை

கேள்வி: "சின்னச் சின்ன கேஸ் கேள்விகளில் இரண்டு நிறுவனங்களைக் கொடுத்து, இபிஎஸ், பிஇ கண்டுபிடித்து விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். சூத்திரம் தெரியும், விடையும் வந்துவிடுகிறது. ஆனால் 'பிஇ குறைவு, அதனால் பங்கு மலிவு, வாங்கலாம்' என்று எழுதினால் மதிப்பெண் தருவதில்லை. பிஇ அதிகம் என்றால் நல்லதா, கெட்டதா? எப்படித்தான் படிப்பது?"

உங்கள் விளக்கத்தில் நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. "பிஇ குறைவு" என்பது நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டது. "மலிவு" என்பது நீங்கள் எடுத்த முடிவு. இரண்டுக்கும் இடையே "ஏன் குறைவு?" என்ற கேள்வி இருக்கிறது. அதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கேஸிலேயே, யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு வரியில் இருக்கும். விடைத்தாள் திருத்துபவர் தேடுவது அந்த வரியை நீங்கள் பார்த்தீர்களா என்பதைத்தான். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி, விடைத்தாள்களும் திருத்தி வருகிறேன். சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்களைவிட, இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால் இழப்பவர்களே அதிகம்.

பிஇ என்பது பங்கின் சந்தை விலையை இபிஎஸ்ஸால், அதாவது பங்கு ஒன்றுக்கான வருமானத்தால், வகுத்தால் வருவது. மேலே இருக்கும் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. வாங்குபவர்கள் இனிமேல் வரப்போகும் லாபத்தை மனதில் வைத்து அந்த விலையைக் கொடுக்கிறார்கள். கீழே இருக்கும் இபிஎஸ் கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது. அது முடிந்துபோன ஆண்டின் லாபம். வருங்காலத்தைப் பார்க்கும் ஓர் எண்ணைக் கடந்த காலத்தின் எண்ணால் வகுக்கிறோம். அதனால் பிஇ மாறினால் விலையால் மாறியதா, இபிஎஸ்ஸால் மாறியதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். குறுங்கேஸ்களில் சிக்கல் பெரும்பாலும் இபிஎஸ் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் விலையை நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு கேஸை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தேர்வில் வரும் மாதிரியிலேயே அமைத்திருக்கிறேன். க என்ற நிறுவனம். வரிக்குப் பிந்தைய லாபம் 520 லட்சம் ரூபாய். இதில் நிலம் விற்றதில் கிடைத்த லாபம், வரி போக, 100 லட்சம். 200 லட்சம் ரூபாய்க்கு 10 சதவீத ஈவு சேரும் முன்னுரிமைப் பங்குகள் உண்டு, இந்த ஆண்டு அவற்றுக்கு ஈவுத்தொகை அறிவிக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று ஈக்விட்டி பங்குகள் 40 லட்சம். அக்டோபர் 1 அன்று பணம் பெற்றுக்கொண்டு 20 லட்சம் புதுப் பங்குகள் வெளியிட்டார்கள். மார்ச் 31 அன்று பங்கின் விலை 150 ரூபாய். சென்ற ஆண்டு இபிஎஸ் 9 ரூபாய். இதே தொழிலில் உள்ள நிறுவனங்களின் சராசரி பிஇ 18.

முதலில் லாபம். இபிஎஸ் ஈக்விட்டி பங்குதாரர்களுக்கு உரிய லாபத்தைத்தான் பேசுகிறது. அதனால் முன்னுரிமைப் பங்குகளுக்கு உரிய 20 லட்சத்தை முதலில் கழிக்க வேண்டும். "இந்த ஆண்டு அறிவிக்கவில்லையே, ஏன் கழிக்க வேண்டும்?" என்று வகுப்பில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. ஈவு சேரும் பங்கு என்றால், கொடுக்காத ஈவும் நிலுவையாக நிற்கும், பின்னால் ஈக்விட்டி பங்குதாரர்களுக்கு முன்பாக அதைக் கொடுத்தாக வேண்டும். அதனால் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அந்த ஆண்டுக்கு உரியதைக் கழித்தே ஆக வேண்டும். ஈவு சேராத பங்காக இருந்தால் மட்டும், அறிவித்திருந்தால்தான் கழிப்போம். கேஸில் "சேரும்" என்ற சொல்லைப் போட்டதே இதற்காகத்தான். ஆக 520 லட்சத்தில் 20 போக 500 லட்சம்.

அடுத்து பங்கு எண்ணிக்கை. புதுப் பங்குகளுக்கான பணம் அக்டோபரில்தான் கைக்கு வந்தது, ஆறு மாதம்தான் அது தொழிலில் ஓடியது. அதனால் 20 லட்சத்தைப் பாதியாக எடுத்து 10 லட்சம் என்று கொள்கிறோம். 40 லட்சமும் 10 லட்சமும் சேர்ந்து 50 லட்சம். இதைத்தான் காலத்தால் எடையிட்ட சராசரி என்கிறோம். 500 லட்சத்தை 50 லட்சத்தால் வகுத்தால் இபிஎஸ் 10 ரூபாய். விலை 150 என்பதால் பிஇ 15.

இங்கே எங்கே தவறு நடக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். முன்னுரிமை ஈவை மறந்து, ஆண்டு இறுதியில் உள்ள 60 லட்சம் பங்குகளால் வகுப்பவருக்கு இபிஎஸ் 8.67, பிஇ 17.3 வரும். அதே 520 லட்சத்தை ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 40 லட்சத்தால் வகுப்பவருக்கு இபிஎஸ் 13, பிஇ 11.5. ஒரே நிறுவனம், ஒரே விலை. முதலாமவர் "தொழில் சராசரியை ஒட்டி இருக்கிறது" என்பார், இரண்டாமவர் "மிக மலிவு" என்பார். இரண்டுமே தவறான இபிஎஸ்ஸின் மேல் கட்டிய விளக்கம். விளக்கத்தில் மதிப்பெண் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது விளக்கத்துக்கு வருவோம். பிஇ 15, தொழில் சராசரி 18. பார்த்த உடனே கை "மலிவு" என்று எழுதப் போகும். கொஞ்சம் நில்லுங்கள், நிலம் விற்ற 100 லட்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. கணக்கியல் விதிப்படி, அது ஏஎஸ் 20 ஆனாலும் சரி, இந்த் ஏஎஸ் 33 ஆனாலும் சரி, அடிப்படை இபிஎஸ்ஸில் அந்த லாபமும் சேரும். அதனால் "இபிஎஸ் கணக்கிடுக" என்றால் விடை 10 தான், அதைத் தொடக் கூடாது. ஆனால் விளக்கம் எழுதும்போது, அடுத்த ஆண்டு விற்பதற்கு அந்த நிலம் இருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதை நீக்கினால் 400 லட்சம், பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய். 150-ஐ 8-ஆல் வகுத்தால் பிஇ 18.75. அதாவது தொழில் சராசரிக்குச் சற்று மேலே. மலிவு என்று தோன்றியது மறைந்துவிட்டது. நிலம் விற்ற லாபத்துக்குச் சந்தை 15 மடங்கோ 18 மடங்கோ கொடுக்கவில்லை, தொடர்ந்து வரும் லாபத்துக்கு மட்டும் வழக்கமான மடங்கைக் கொடுத்திருக்கிறது என்று படிப்பதுதான் இந்த எண்களுக்குப் பொருந்தும்.

இதே கேஸில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்த இடம். சென்ற ஆண்டு இபிஎஸ் 9, இந்த ஆண்டு 10. "11 சதவீத வளர்ச்சி" என்று எழுதத் தோன்றும். நிலத்தை நீக்கிப் பார்த்தால் 9-லிருந்து 8-க்கு, 11 சதவீதம் சரிந்திருக்கிறது. ஆனால் மொத்த லாபத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டு 40 லட்சம் பங்குகளுக்கு 9 ரூபாய் வீதம் 360 லட்சம். இந்த ஆண்டு நிலம் இல்லாமலே 400 லட்சம். மொத்தம் கூடியிருக்கிறது, பங்கு ஒன்றுக்குக் குறைந்திருக்கிறது. தொழில் படுத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. புதிதாகத் திரட்டிய பணம் இன்னும் முழுதாகச் சம்பாதிக்கத் தொடங்கவில்லை, ஆனால் லாபத்தைப் பங்கு போட ஆட்கள் கூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு 60 லட்சம் பங்குகளும் முழு ஆண்டுக்குக் கணக்கில் வரும். லாபம் அதே 400 லட்சத்தில் நின்றால் இபிஎஸ் 6.67-க்கு இறங்கிவிடும். 8 ரூபாயிலேயே நிற்க வேண்டுமென்றால் 480 லட்சம் வேண்டும். புதுப் பணம் அந்தக் கூடுதல் 80 லட்சத்தைக் கொண்டுவருமா என்பது கேஸில் இல்லை. அதை "வரும்" என்றோ "வராது" என்றோ எழுதாமல், "இதைப் பொறுத்திருக்கிறது" என்று எழுதுவதே சரியான பதில்.

கூடவே ச என்ற போட்டி நிறுவனத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இபிஎஸ் 5, சென்ற ஆண்டு 4, விலை 125, பிஇ 25. க-வின் இபிஎஸ் 10, இதன் இபிஎஸ் 5, அதனால் க தான் இருமடங்கு லாபகரமானது என்று எழுதுபவர்கள் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் இபிஎஸ்ஸை நேராக ஒப்பிடவே முடியாது. லாபத்தை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு. நம் சென்னை எம்ஆர்எஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 42.4 லட்சம்தான். 2023-24இல் 2,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் லாபம் வந்தபோது இபிஎஸ் 4,800 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் அந்தப் பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைக் கடந்ததற்கும் பங்கு எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருப்பது பெரிய காரணம். அதைவிடப் பல மடங்கு லாபம் ஈட்டும் நிறுவனங்கள் பலவற்றின் இபிஎஸ் 100 ரூபாயைக்கூடத் தொடாது, ஏனென்றால் அவற்றின் பங்குகள் நூற்றுக்கணக்கான கோடிகள். ஆக, இபிஎஸ்ஸை அதே நிறுவனத்தின் போன ஆண்டு இபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். நிறுவனங்களுக்கு இடையே ஒப்பிட பிஇ பயன்படும், அதுவும் ஒரே தொழிலுக்குள் இருந்தால்.

ச-வின் பிஇ 25 என்றால் என்ன சொல்லலாம்? உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்நிறுவனம் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தை 25 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறது, க-வுக்கு 15 ரூபாய் (அல்லது நிலம் நீங்கலாக 18.75). இபிஎஸ் 4-லிருந்து 5-க்கு 25 சதவீதம் வளர்ந்திருப்பதால், இந்த வளர்ச்சி தொடரும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்றுதான் எழுத வேண்டும். குறைந்த இடர் காரணமாகவும் பிஇ உயரலாம், வெறும் பரபரப்பாலும் உயரலாம். இந்த மூன்றில் எது என்று ஒரு பிஇ எண் தனியாகச் சொல்லாது. அதனால்தான் "பிஇ அதிகம் என்றால் நல்லதா, கெட்டதா" என்பதற்கு ஒரே விடை இல்லை. பங்கை ஏற்கனவே வைத்திருப்பவருக்கு அது சந்தையின் நம்பிக்கையைக் காட்டுகிறது. புதிதாக வாங்குபவருக்கோ, எதிர்பார்த்த வளர்ச்சி வராவிட்டால் விலை விழுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு இபிஎஸ் 5 ரூபாயிலேயே நின்று, சந்தையும் தொழில் சராசரியான 18 மடங்கு மட்டும் கொடுத்தால் விலை 90. நிறுவனம் ஒரு ரூபாய்கூட நட்டப்படாமலே முதலீட்டாளருக்கு 35 ரூபாய் போய்விடும்.

"பிஇ 15 என்றால் போட்ட பணம் திரும்பி வர 15 ஆண்டு ஆகும்" என்று சில வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள். இதை அப்படியே விடையில் எழுத வேண்டாம். இபிஎஸ் முழுதும் கைக்கு வருவதில்லை, ஈவுத்தொகையாக அறிவித்ததுதான் வரும், மீதி நிறுவனத்திலேயே தங்கும். லாபமும் 15 ஆண்டு ஒரே மாதிரி இருக்காது. 15-ஐத் தலைகீழாக்கினால் 6.67 சதவீதம், அதாவது 150 ரூபாய் விலைக்கு 10 ரூபாய் வருமானம். இப்படிச் சொல்வது பாதுகாப்பானது.

அடுத்து போனஸ் பங்கு. சின்னக் கேஸ்களில் இது அடிக்கடி வரும், பலரையும் தடுக்கி விழ வைக்கும். ஒரு நிறுவனத்தின் இபிஎஸ் சென்ற ஆண்டு 12, இந்த ஆண்டு 7, இடையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருக்கிறார்கள், இப்போதைய விலை 120. "இபிஎஸ் 42 சதவீதம் வீழ்ந்தது" என்று எழுதினால் கேஸே தலைகீழாகிவிடும். போனஸில் நிறுவனத்துக்குள் ஒரு ரூபாய்கூட வரவில்லை, பங்குகளின் எண்ணிக்கை மட்டும் இரட்டிப்பானது. அதனால் அதற்குக் காலத்தால் எடையிடுவது கிடையாது. போனஸ் எந்த மாதம் கொடுத்திருந்தாலும், காட்டப்படும் ஆண்டுகள் எல்லாவற்றிலும் முதல் நாளிலிருந்தே அந்தப் பங்குகள் இருந்ததாகக் கொள்ள வேண்டும். சென்ற ஆண்டின் 12-ஐ 6 என்று திருத்துகிறோம். 6-லிருந்து 7, கிட்டத்தட்ட 17 சதவீத வளர்ச்சி. பிஇயிலும் இதே எச்சரிக்கை வேண்டும். போனஸுக்குப் பிந்தைய விலை 120-ஐப் போனஸுக்கு முந்தைய இபிஎஸ் 12-ஆல் வகுத்தால் 10 என்று வரும், பங்கு கொள்ளை மலிவாகத் தெரியும். சரியான பிஇ 120-ஐ 7-ஆல் வகுத்த 17.1. முகமதிப்பைப் பிரிக்கும்போதும், உதாரணமாக 10 ரூபாய்ப் பங்கை ஐந்து 2 ரூபாய்ப் பங்குகளாக்கும்போதும், இதே விதிதான். மேலே பார்த்த அக்டோபர் வெளியீட்டில் பணம் வந்தது, அதனால் காலம் பார்த்தோம். இங்கே பணம் வரவில்லை, அதனால் பார்ப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாதி இலவசம், பாதி பணம் என்று கலந்து வருவது உரிமைப் பங்கு வெளியீடு. அதற்குத் தனிக் கணக்கு உண்டு, இரண்டு மதிப்பெண் கேஸில் பொதுவாக அதைக் கேட்பதில்லை.

இன்னொரு கேஸ் வகை, பிஇ உயர்ந்ததைக் காட்டி ஏமாற்றுவது. சென்ற ஆண்டு இபிஎஸ் 20, விலை 200, பிஇ 10. இந்த ஆண்டு இபிஎஸ் 2, விலை 100, பிஇ 50. "பிஇ 10-லிருந்து 50-ஆக உயர்ந்துள்ளது, முதலீட்டாளர் நம்பிக்கை பெருகியுள்ளது" என்று எழுதிய விடைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். விலை பாதியாகி இருக்கும்போது எந்த நம்பிக்கை பெருகும்? லாபம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது, விலை பாதியாக மட்டும் சுருங்கியது, அதனால் விகிதம் ஊதிவிட்டது. இதில் சந்தை சொல்வது இதுதான்: இந்த ஆண்டின் 2 ரூபாயை அது நிலையானதாக எடுத்துக்கொள்ளவில்லை, லாபம் ஓரளவாவது மீளும் என்று எதிர்பார்க்கிறது, ஆனால் பழைய 20 ரூபாய்க்கே திரும்பும் என்று நம்பவும் இல்லை. எஃகு, சிமென்ட், சர்க்கரை போல ஏற்ற இறக்கச் சுழற்சியில் ஓடும் தொழில்களில் இது வழக்கமாக நடப்பது. அங்கே லாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது பிஇ உச்சத்திலும், லாபம் உச்சத்தில் இருக்கும்போது பிஇ மிகக் குறைந்தும் தெரியும். அந்தத் தொழில்களில் பிஇ 5 என்று பார்த்து "மலிவு" என்று வாங்குபவர் பல நேரங்களில் சுழற்சியின் உச்சியில் வாங்குகிறார். லாபமே இல்லாமல் நட்டமாகிவிட்டால் பிஇ கணக்கிட்டு எதிர்மறை எண் எழுத வேண்டாம், "பொருந்தாது" என்று எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.

இபிஎஸ் ஒன்றாகவே இருந்தும் பிஇ வேறுபட்டால் என்ன சொல்வது? இதற்குக் கடனைப் பார்க்க வேண்டும். ப, ம என்று இரண்டு நிறுவனங்கள், ஒரே தொழில், இரண்டுக்கும் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 100 லட்சம், வரி 25 சதவீதம். ப-வுக்குக் கடன் இல்லை, 10 லட்சம் பங்குகள். ம-வுக்கு 5 லட்சம் பங்குகளும் 10 சதவீத வட்டியில் 500 லட்சம் கடனும். ப-வின் இபிஎஸ் 7.50. ம-வுக்கு வட்டி 50 லட்சம் போக 50 லட்சம், வரி போக 37.5 லட்சம், 5 லட்சம் பங்குகளுக்கு அதே 7.50. இப்போது தொழில் மந்தமாகி லாபம் 60 லட்சத்துக்கு இறங்கினால் ப-வின் இபிஎஸ் 4.50, ம-வின் இபிஎஸ் வெறும் 1.50. நல்ல காலம் வந்து 140 லட்சமானால் ப-வுக்கு 10.50, ம-வுக்கு 13.50. ஒரே 7.50 தான், ஆனால் ம-வின் 7.50 அதிகம் ஆடும். ஆடும் வருமானத்துக்குச் சந்தை பொதுவாகக் குறைந்த மடங்குதான் கொடுக்கும். எனவே கேஸில் ம-வின் பிஇ 9, ப-வின் பிஇ 13 என்று இருந்தால், ம மலிவு என்று எழுதுவதற்கு முன் இருப்புநிலைக் குறிப்பில் கடன் எவ்வளவு என்று பாருங்கள். கடன் விவரமே கொடுக்கவில்லை என்றால், "நிதி இடர் காரணமாக இருக்கலாம், உறுதிசெய்யக் கடன் விவரம் தேவை" என்று ஒரு வரி போதும்.

பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் இந்தச் சிக்கல் இருக்கிறது என்பதற்கு நிஃப்டி 50 குறியீட்டில் 2021 மார்ச் 31 அன்று நடந்ததைச் சொல்லலாம். அதுவரை அந்தக் குறியீட்டின் பிஇயைக் கணக்கிட நிறுவனங்களின் தனிநிலைக் கணக்கு லாபத்தை எடுத்தார்கள், அதில் துணை நிறுவனங்களின் லாபம் முழுதாக வராது. அன்றிலிருந்து ஒருங்கிணைந்த கணக்கு லாபத்துக்கு மாறினார்கள். முந்தின நாள் 40-ஐ ஒட்டி இருந்த பிஇ அன்று 33-ஐ ஒட்டி வந்துவிட்டது. குறியீடு அன்று இறங்கியது ஒரு சதவீத அளவுதான். அந்த ஒரு நாளில் பங்குகள் எதுவும் அவ்வளவு மலிவாகிவிடவில்லை, வகுக்கும் எண் மாறியது. இதற்கு முந்தைய ஆண்டுகளின் நிஃப்டி பிஇயையும் பிந்தைய பிஇயையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பேசுபவர்கள் இந்தத் தேதியைச் சொல்லாமல் விட்டால் அந்த ஒப்பீட்டை நம்ப வேண்டாம். நீங்கள் இணையத்தில் ஒரு நிறுவனத்தின் பிஇயைத் தேடும்போது இரண்டு தளங்களில் இரண்டு எண் வருவதற்கும் இதே காரணம்தான் பெரும்பாலும்: ஒன்று தனிநிலை, ஒன்று ஒருங்கிணைந்தது, அல்லது ஒன்று முடிந்த நிதியாண்டு, இன்னொன்று கடைசி நான்கு காலாண்டுகள், அல்லது ஒன்று அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு. பங்காக மாற்றக்கூடிய கடன் பத்திரங்கள் உள்ள நிறுவனத்தில் அவையெல்லாம் பங்காகிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் நீர்த்த இபிஎஸ்ஸும் தனியே இருக்கும். ஒப்பிடும் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே வகை இபிஎஸ்ஸை எடுத்தீர்களா என்பதுதான் முக்கியம்.

சரி, க, ச கேஸுக்கு விடை எப்படி எழுதுவது? நான் முழு மதிப்பெண் தருவது ஏறத்தாழ இப்படி இருந்தால்: "க-வின் அடிப்படை இபிஎஸ் 10 ரூபாய், பிஇ 15. இது தொழில் சராசரி 18-ஐவிடக் குறைவு. ஆனால் லாபத்தில் மீண்டும் வராத நில விற்பனை லாபம் 100 லட்சம் உள்ளது. அதை நீக்கினால் இபிஎஸ் 8 ரூபாய், பிஇ 18.75, அதாவது சராசரியை ஒட்டியது. எனவே குறைந்த பிஇயை வைத்துப் பங்கு குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளது என்று சொல்ல முடியாது. தொடர்ந்து வரும் இபிஎஸ் 9-லிருந்து 8-க்குக் குறைந்துள்ளது. மொத்த லாபம் கூடியிருப்பதால், புதுப் பங்கு வெளியீடே இதற்குக் காரணம். ச-வின் பிஇ 25 ஆக இருப்பது, அதன் 25 சதவீத இபிஎஸ் வளர்ச்சி தொடரும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டலாம். இரண்டில் எதை வாங்குவது என்று முடிவுசெய்ய, புது முதலீட்டிலிருந்து வரும் வருமானம், கடன் அளவு, முந்தைய சில ஆண்டுகளின் இபிஎஸ் ஆகியவை தேவை."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள், முடிவு சொல்லாவிட்டால் மதிப்பெண் கிடைக்காது என்ற பயத்தில். கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். "விளக்குக" என்றால் இந்த அளவில் நிறுத்தலாம். "பரிந்துரைக்க" என்றால் நிறுத்த முடியாது, ஒரு பக்கம் சாய வேண்டும்: "கொடுத்துள்ள தகவல் அளவில் ச-வின் வளர்ச்சி தெளிவாக உள்ளது, ஆனால் அதற்கான விலையும் ஏற்கனவே ஏறியிருக்கிறது, இடரைத் தாங்கக்கூடியவருக்கு ச, இல்லையெனில் க-வின் அடுத்த ஆண்டு முடிவுக்காகக் காத்திருக்கலாம்" என்பது மாதிரி. இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்து இவ்வளவு எழுத இடமில்லை என்றால், நில விற்பனையைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். க-வின் பிஇ ஏன் 15 என்பதற்கான விடை அந்த வரியில்தான் இருக்கிறது.